கூழ் ஊத்துறதுக்கு முன்னாடி பேசப் போய் நான் பட்ட பாடு

ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துறதுக்கு பத்து நாள் இருக்கறப்போ, ஊர்க்கூட்டத்துல தண்ணி, வயித்துப்போக்கு பத்தி பத்து நிமிஷம் பேசுங்கன்னு சொன்னாங்க. ஹெல்த் இன்ஸ்பெக்டரா சேந்து ஆறு மாசம்தான். பேச்சு ஒரே ராத்திரியில ரெடி, வம்பெல்லாம் தண்ணிய டெஸ்ட் பண்ற சொட்டு மருந்துலதான்.

வெறும் பேச்ச யாரு கேப்பா, குழாய்த் தண்ணிய எல்லார் முன்னாடியும் டெஸ்ட் பண்ணிக் காட்டலாம்னு பிளான். தண்ணியில குளோரின் எவ்ளோ இருக்குன்னு நிறத்த வச்சுப் பாக்குற குளோரோஸ்கோப் இருந்துச்சு, அதுல விடுற ஆர்த்தோடொலிடின்ங்கற சொட்டு மருந்து தீந்துபோச்சு. ஸ்டோர்ல போய் கேட்டா சாவி வச்சிருக்கவர் மீட்டிங்ல இருக்காராம், நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. மறுநாளும் பஸ் புடிச்சு போனேன், அலமாரி மூலையில கிடந்த ஒரு பாட்டில தூக்கி கையில குடுத்தாங்க. மருந்தே லேசா பழுப்பா இருந்துச்சு, அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

ஊருக்கு வந்து குழாய்த் தண்ணியில விட்டா நல்ல மஞ்சள். குளோரின் இருந்தாத்தான மஞ்சளாகும், சந்தோஷமாயிட்டேன். அப்புறம் ஏதோ தோணி, பிளீச்சிங் பவுடரே போடாத அடிபம்ப் தண்ணியிலயும் விட்டுப் பாத்தேன், அதுவும் மஞ்சள்! மருந்து கெட்டுப்போச்சு. இத மட்டும் மறக்காதீங்க, குளோரின் கலக்காத தண்ணியில முதல்ல ஒரு தடவ பாத்துக்கோங்க. டெஸ்ட் பண்ண தண்ணிய யாரும் வாயில வைக்கக்கூடாது, சின்னப் பசங்க பக்கத்துல நின்னா உடனே கீழ ஊத்திடுங்க.

பக்கத்து பிளாக் நண்பர்கிட்ட கெஞ்சி புது பாட்டில் வாங்கிப் பாத்தா, டேங்க்குக்கு பக்கத்து குழாயில மஞ்சள், கடைசித் தெருவுல நிறமே வரல. கடைசிக் குழாயிலயும் குளோரின் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், நிக்கணும். டேங்க்க பாத்துக்கற அண்ணன்கிட்ட கேட்டா, "ரெண்டு கை அள்ளி மேலருந்து போட்டுருவேன் தம்பி, உடனே தொறந்து விட்டுருவேன்"ங்கறாரு. பவுடர் மூட்டையும் வாய் தொறந்தே கிடந்து கட்டி கட்டியா இருந்துச்சு, அதுல வீரியம் எங்க இருக்கும்?

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பவுடர், அவர் டேங்க் முப்பதாயிரம் லிட்டர், அப்ப 120 கிராம். புது பவுடர எடுத்து பக்கெட்ல கொழகொழன்னு கரைச்சு, தண்ணி சேத்து, சுண்ணாம்பு அடியில தங்கினதும் தெளிஞ்சத மட்டும் டேங்க்ல ஊத்தி, ஒரு மணி நேரம் கழிச்சுத் தொறந்தோம். கடைசித் தெருவுலயும் மஞ்சள் வந்துருச்சு!

கூட்டத்துல எழுதி வச்ச பேச்ச பாதியிலேயே மடிச்சு வச்சிட்டு இந்தக் கதையத்தான் சொன்னேன். ஒரு பாட்டி மட்டும் எந்திரிச்சு, "கூழ காய்ச்சித்தானப்பா ஊத்துறோம், மருந்து வாடை எதுக்கு?"ன்னாங்க. காய்ச்சுறது முந்தின நாள் பாட்டி, காலையில கரைக்கிறது பச்சத் தண்ணியில, அதுவும் கைய விட்டுன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப கரைக்கிற தண்ணியையும் காய்ச்சி ஆறவச்சிர்றோம், கரண்டி பெருசா ஒண்ணு வாங்கச் சொல்லு"ன்னாங்க. கோயில் கமிட்டி ரெண்டு வாங்குச்சு.