லீவுன்னா ஃப்ரீன்னு அர்த்தம் இல்லீங்க மேடம்

பொங்கலுக்கு ஊர் போக ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால் திறக்கும். அலாரம் வைத்து எழுந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகிற அந்த டிக்கெட்டை எப்படியோ பிடித்தாகிவிட்டது. இன்டர்வியூ அழைப்பு மட்டும் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால்தான் வரும்.

2026 ஜனவரி 8, வியாழன் மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்சியிலிருந்து போன்.

“சார், 14-ஆம் தேதி புதன், ஈவ்னிங் 7 மணி. அமெரிக்கா பேனல். ஓகேவா?”

“மேடம், அன்னைக்கு போகி. அந்த வாரம் நான் லீவு.”

“சூப்பர் சார்! லீவுன்னா ஆபீஸ் தொந்தரவு இருக்காது. போட்டுடறேன்.”

தப்பு யார் மேல்? சொன்னவர் மேல்தான். நமக்கு லீவு என்றால் இன்டர்வியூவுக்கு வர முடியாது. ரெக்ரூட்டர் காதில் அதுவே ‘நாள் பூரா சும்மா இருக்கேன்’ என்று விழும். அதனால் முதல் வாக்கியத்தில் லீவு என்ற சொல்லே வேண்டாம். ‘14-ஆம் தேதி என்னால் கலந்துகொள்ள முடியாது’, அவ்வளவுதான். காரணம் அடுத்த வரியில் வரட்டும்.

‘பரவாயில்லை, ஊரிலிருந்தே பேசிவிடலாம்’ என்று ஒரு ஆசை எட்டிப் பார்க்கும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு சிக்னல். கீழே தெருவில் ஸ்பீக்கர். பேனல்காரர் டேட்டாபேஸ் பற்றிக் கேட்கும்போது கொட்டகையிலிருந்து மாடு பதில் சொல்லும். அதற்காகக் காய்ச்சல் என்று புளுகவும் கூடாது. ஜல்லிக்கட்டு போட்டோ வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏறும்போது, நீங்களும் ரெக்ரூட்டரும் ஒருவர் நம்பரை ஒருவர் சேமித்து வைத்திருந்தால் அவரும் பார்ப்பார்.

இனி எந்தத் தேதியைக் கொடுப்பது? ஞாயிறு 18 இரவு ரயில், திங்கள் 19 காலை தாம்பரம். ‘19-ஆம் தேதி எப்போ வேணும்னாலும்’ என்று வாய் வந்துவிடும். ரயில் தாமதமானால் மாட்டிக்கொள்வீர்கள். தாமதமே ஆகாவிட்டாலும் பேனலுக்கு ஆள் கிடைப்பது சந்தேகம்: ஜனவரி மூன்றாம் திங்கள் அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நாள், பொது விடுமுறை. அதற்கடுத்த திங்கள் 26, குடியரசு தினம், நமக்கு விடுமுறை. ஆக இரண்டு திங்களும் போச்சு. நடுவில் இருக்கும் செவ்வாய், புதன், வியாழன்தான் பொன்னான நாட்கள்.

போனில் பேசியது காற்றோடு போகும். பத்து நிமிடத்துக்குள் மெயில் போட வேண்டும், அதுவும் சொந்த மெயிலிலிருந்து. ஆபீஸ் மெயிலிலிருந்து அனுப்பினால் இன்டர்வியூ வேறு ரூபத்தில் நடக்கும், உங்கள் மேனேஜர் அறையில். மெயிலின் சாரம் இவ்வளவுதான்:

“14-01-2026 புதன் இரவு 7 மணி இன்டர்வியூவில் என்னால் கலந்துகொள்ள முடியாது. 13 செவ்வாய் இரவு முதல் 19 திங்கள் வரை வெளியூரில் இருக்கிறேன். வீடியோ அழைப்புக்கு ஏற்ற இணைப்பு இருக்காது. திரும்பி வந்தபின் வசதியான நேரங்கள்: 20 செவ்வாய், 21 புதன் இரவு 7 முதல் 9 வரை, 22 வியாழன் மாலை 6:30 முதல் 8 வரை. எல்லாம் இந்திய நேரம். அதற்குள் தேர்வு முடிந்துவிடும் என்றால் 12 திங்கள் இரவு 7 மணிக்கும் தயார்.”

கடைசி வரிதான் இதில் முக்கியம். 15-ஆம் தேதியோடு இடம் நிரம்பிவிடும் என்றால் ரெக்ரூட்டர் அதை அப்போதே சொல்லிவிடுவார். நீங்கள் கரும்பு கடித்துக்கொண்டிருக்கையில் வேறொருவர் ஆஃபர் லெட்டர் வாங்க மாட்டார். தேதியோடு கிழமையையும் எழுதியது, ‘அடுத்த செவ்வாய்’ என்ற குழப்பத்தைத் தவிர்க்க. 8-ஆம் தேதி ‘அடுத்த செவ்வாய்’ என்றால் ஒருவருக்கு 13, இன்னொருவருக்கு 20. மாதம் முன்னால், நாள் பின்னால் என எழுதும் அமெரிக்கர்களிடம் 14-01 தப்பிக்கும், ஏனென்றால் 14-ஆம் மாதம் கிடையாது. 12-01 டிசம்பர் ஆகிவிடும். அதனால் இங்கிலீஷ் மெயிலில் மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

14-ஆம் தேதிக்கு ஏற்கெனவே வந்துவிட்ட காலண்டர் அழைப்பை என்ன செய்வது? மெயில் போவதற்கு முன் மறுப்பை அமுக்காதீர்கள். காரணம் தெரியாத பேனல்காரருக்கு அது ‘ஆளுக்கு இந்த வேலை வேண்டாமாம்’ என்றுதான் படும். மெயில் போனபின், ‘புதிய தேதிகள் மெயிலில்’ என்று ஒரு வரிக் குறிப்போடு மறுத்தால் போதும்.

இரண்டு நாளில் புது அழைப்பு வரும். திறந்து பார்த்தால் 21 புதன், அதிகாலை 5:30. பதற வேண்டாம், மேடம் 20-ஆம் தேதி இரவு 7 மணியைத்தான் போட்டிருக்கிறார். நியூயார்க் கடிகாரத்தில்.