பேப்பர் போடுவதும் ஸ்டேஷனை ஒப்படைப்பதும்

ஹோட்டல் கிச்சனில் வேலையை விடுகிறவர்கள் பெரும்பாலும் கடிதம் எழுதுவதில்லை. சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய மறுநாள் காலை ஷிஃப்டுக்கு ஆள் வராது, போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். மதிய பிரீஃபிங்குக்குள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். எச்.ஆர். அந்தப் பெயருக்கு எதிரே, சொல்லாமல் ஓடிப்போனவர் என்ற பொருளில் 'அப்ஸ்காண்டட்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைத் தேடும். வெளிநாடு போகிறவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

பெங்களூரில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் தென்னிந்திய செக்‌ஷனில் நான் சி.டி.பி.யாக இருந்தேன், அந்த வேலையிடத்துக்கு, கிச்சன் பேச்சில் ஸ்டேஷனுக்கு, பொறுப்பாள் நான். துபாயில் புதிதாகத் திறக்கவிருந்த உணவகத்தில் வேலை கிடைத்ததும் முறையாகப் பேப்பர் போட்டேன், அதாவது ராஜினாமா கடிதம் கொடுத்தேன். நன்றியுணர்வு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் கணக்கும் இருந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை பார்த்தவனுக்கு கிராஜுவிட்டி உண்டு. கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் சுமார் 10,385 வரும். ஆறு வருட சர்வீஸுக்கு 62,000-க்குக் கொஞ்சம் மேலே. ஓடிப்போனவனுக்கும் சட்டப்படி இந்தப் பணம் உரியதுதான். ஆனால் தூரத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்டு அலைவது யார்?

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஹோட்டலில் ஆள் விலகும்போது நிரப்புகிற படிவத்தில் 'மீண்டும் வேலைக்கு எடுக்கலாமா' என்று ஒரு கட்டம் இருந்தது. அமீரகத்தில் புதிய வேலைக்கு ஆறு மாதம் வரை தகுதிகாண் காலம் வைக்கலாம். புது உணவகம் ஓடவில்லை என்றாலோ, என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலோ திரும்பி வர ஓர் இடம் வேண்டும். அந்தக் கட்டத்தில் 'ஆம்' விழுவது கடைசி இரண்டு மாதத்தில் நாம் நடந்துகொள்வதைப் பொறுத்தது.

கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது தேதியைத்தான். என் பணி ஆணையில் 60 நாள் நோட்டீஸ். மார்ச் 3 அன்று கொடுத்தால் மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். மார்ச்சில் 28, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 2 என்று கூட்டினால் மே 2 கடைசி நாள். மிச்சமிருக்கும் லீவை நோட்டீஸில் கழித்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பலாம் என்று பலர் தாங்களாகவே முடிவு செய்கிறார்கள். அது நிர்வாகம் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும்.

அந்தப் பக்கத்தில் வேறொரு சிக்கல். அமீரகம் தருகிற வேலைக்கான நுழைவு அனுமதி 60 நாள்தான் செல்லும். அது கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா என்று உட்கார்ந்தால் இங்கே நோட்டீஸ் முடிவதற்குள் அங்கே அனுமதி தீர்ந்துவிடும். அது வராமலே ராஜினாமா செய்தால் நடுவில் ஏதாவது கெட்டால் இரண்டும் போச்சு. அவர்கள் நாட்டு அமைச்சகம் வழியாக வந்த ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்ட பிறகு பேப்பர் போடுவது, அனுமதிக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பிக்கச் சொல்வது என்று முடிவு செய்தேன். கூடவே, சம்பளம் கடை திறக்கும் நாளிலிருந்து அல்ல, நான் சேரும் நாளிலிருந்து என்பதையும் மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். புதுக் கடை சொன்ன தேதியில் திறப்பது அபூர்வம். லைசென்ஸ், கேஸ் இணைப்பு, எக்ஸாஸ்ட் என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே போகும்.

கடிதத்தை முதலில் தமிழில் எழுதினேன். அல்சூரில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் அதை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தான். தமிழில் இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய செஃப் அவர்களுக்கு,

தென்னிந்திய செக்‌ஷனில் சி.டி.பி.யாக இருக்கும் நான் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். வெளிநாட்டில் புதிதாகத் திறக்கும் உணவகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பணி ஆணைப்படி 60 நாள் முன்னறிவிப்பாக இந்தக் கடிதத்தை மார்ச் 3 அன்று தருகிறேன். மே 2 என் கடைசி வேலை நாள்.

கடைசிப் படியான கமி த்ரீயாக வந்த என்னைக் கிரைண்டர் பக்கத்தில் நிறுத்தி, உளுந்து மாவைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லக் கற்றுக்கொடுத்தீர்கள். பெரிய கல்யாண பேங்க்வட்டில் தோசை கவுன்டரை முதல் முறை என் பொறுப்பில் விட்டீர்கள். ஸ்டோரில் பொருள் கேட்கும் இன்டென்டை வீணில்லாமல் எழுதவும் இங்கேதான் கற்றேன். இவற்றுக்கு என் நன்றி.

உகாதி விருந்தும் தமிழ்ப் புத்தாண்டு விருந்தும் முடியும் வரை இருப்பேன். மாவு, பொடி, சட்னி வகைகளின் பொறுப்பை ஏப்ரல் 20-க்குள் நீங்கள் சொல்பவரிடம் முழுவதும் ஒப்படைத்துவிடுகிறேன். கடைசி நாளில் விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்..."

இவ்வளவுதான். புது இடத்தின் பெயரை எழுதவில்லை. கேட்டால் வாயால் சொல்லலாம், காகிதத்தில் அதற்கு வேலை இல்லை. சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை, உண்மையில் போவது அதற்காகத்தான் என்றாலும். நன்றி சொல்லும் இடத்தில் 'இந்த மாபெரும் நிறுவனக் குடும்பத்தில்' என்றெல்லாம் எழுதித் தர அந்தத் தம்பி ஆசைப்பட்டான். வேண்டாம் என்றேன். எந்த ஹோட்டலுக்கும் பொருந்துகிற நன்றி யாருக்கும் போய்ச் சேராது. கிரைண்டர் என்று எழுதினால் செஃபுக்கு அந்த மூலை ஞாபகம் வரும்.

மெயில் அனுப்பும் முன் நேரில் சொன்னேன். மதிய சர்வீஸ் முடிந்து, சாயங்கால பிரீஃபிங் தொடங்கும் முன் மூன்றரை மணி வாக்கில் கிச்சனில் கொஞ்சம் மூச்சு விடலாம். முதலில் எங்கள் சூ செஃபிடம் போனேன், பெரிய செஃபுக்கு அடுத்த நிலையில் இருப்பவர், காரைக்குடிப் பக்கத்துக்காரர். "செஃப், அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "எந்த ஊருப்பா?" என்றார். சொன்னேன். அடுத்த கேள்வி, "உகாதிய முடிச்சுக் குடுத்துட்டுத்தானே போவே?" கடிதத்தை நீட்டினேன். அந்த வரியைப் படித்துவிட்டு, "சரி, வா, பெரிய செஃப்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். வாழ்த்து, வருத்தம் எல்லாம் அப்புறம்தான். பண்டிகை விருந்தில் ஆள் இருக்குமா என்பதுதான் ஒரு சமையலறைத் தலைவருக்கு முதல் கவலை.

கடிதத்தில் 'ஒப்படைத்துவிடுகிறேன்' என்று எழுதுவது சுலபம். எங்கள் செக்‌ஷனில் எல்லாவற்றுக்கும் ரெசிப்பி கார்டு உண்டு. இட்லி மாவுக்கு நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உருட்டு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அதன் கீழே 'தண்ணீர் தேவையான அளவு'. என் இடத்துக்கு வந்தவள் கோலார் தங்கவயல் தமிழ்ப் பெண், எனக்கு ஒரு படி கீழே கமி ஒன். முதல் நாளே கேட்டாள்: "அண்ணா, தேவையான அளவுன்னா எவ்ளோ? உங்களுக்குக் கை சொல்லுது, எனக்கு யாரு சொல்லுவா?"

நியாயமான கேள்வி. நான் கைக்கணக்கில் ஊற்றும் தண்ணீரை ஒரு வாரம் அவள் ஜக்கில் அளந்து எழுதினாள். ஒரு கிலோ உளுந்துக்கு 1.8 லிட்டரிலிருந்து 2.2 லிட்டர் வரை போனது. ஏன் இந்த வித்தியாசம் என்று மூட்டையைப் பார்த்தால், பழைய சரக்கு குறைவாகக் குடித்திருந்தது. பழைய உளுந்து காணாது, மாவு பொங்கி எழும்பாது. புது மூட்டை பிரித்த அன்று தண்ணீர் கூடியது. அதனால் கார்டில் 1.8 என்று தொடங்கி, மாவிலிருந்து ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதினோம். நீண்ட நேரம் ஓடும் கிரைண்டரில் மாவு சூடாகிவிடும் என்பதால் ஐஸ் தண்ணீர் என்பதையும் சேர்த்தோம். நான் அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன், கார்டில் மட்டும் இல்லை.

பொங்கும் நேரம்தான் பெரிய பாடு. பெங்களூர் ஜனவரி இரவில் பதினாலு மணி நேரம் ஆனாலும் மாவு சோம்பிக் கிடக்கும். ஏப்ரல் வெயிலில் எட்டு மணி நேரமே அதிகம். நான் வார லீவில் இருந்த ஒரு நாள் அவள் தனியாகப் பார்த்துக்கொண்டாள். குளிர்காலப் பழக்கத்தில் மாலை நாலு மணிக்கே அரைத்து வைத்துவிட்டார்கள். விடியற்காலை அவள் வந்து பார்த்தபோது மாவு பொங்கி, நடுவில் அமுங்கி, புளிப்பு வாடை அடித்தது. அதை இட்லிக்கு வார்த்திருந்தால் தட்டையாகத்தான் வந்திருக்கும். ஊத்தப்பத்துக்கு ஒதுக்கிவிட்டு, வாக்-இன் குளிரறையில் இருந்த இன்னொரு டப்பாவை எடுத்துச் சமாளித்திருக்கிறாள். மறுநாள் வந்ததும், அரைக்கும் நேரத்தை இரவு எட்டுக்குத் தள்ளி, அறை வெப்பம், அரைத்த நேரம், பொங்கிய நேரம் மூன்றையும் எழுத ஒரு பதிவேடு போட்டாள். அது அவள் யோசனை. அன்றைக்கே ஸ்டேஷன் கைமாறிவிட்டது என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவே துபாயிலிருந்து ஒரு மெசேஜ்: சாம்பார் பொடி, பூண்டுச் சட்னி ரெசிப்பிகளை முன்னாலேயே அனுப்பினால் ட்ரையல் போட வசதி என்று. அனுப்பவில்லை. கார்டுகளைப் போட்டோ எடுக்கவும் இல்லை. கையில் இருக்கும் பதம் என்னுடையது, கார்டு ஹோட்டலுடையது. அங்கே கிடைக்கிற மிளகாயும் பருப்பும் வேறு, அங்கே வந்து புதிதாகப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அது சாக்கு இல்லை, உண்மையும் அதுதான்.

கடைசி நாள் முழுவதும், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தோடு அலைச்சல். லாக்கர் சாவி, யூனிஃபார்ம், அடையாள அட்டை, ஸ்டோரில் என் பேரில் இருந்த கத்திகள். அனுபவச் சான்றில் 'இந்திய உணவுப் பிரிவு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். புது இடத்தில் தென்னிந்திய அனுபவம் தெரிய வேண்டும் என்றேன். பதவிப் பெயரை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, பொறுப்புகள் என்ற வரியில் தென்னிந்திய செக்‌ஷனைச் சேர்த்துக் கொடுத்தார் எச்.ஆர். மேடம்.

துபாயில் கடை சொன்ன தேதிக்கு மூன்று வாரம் தள்ளித்தான் திறந்தது, சம்பளம் நிற்கவில்லை. கிராஜுவிட்டி நான் அங்கே போன பிறகுதான் பெங்களூர் வங்கிக் கணக்கில் ஏறியது. வங்கிக்கும் பி.எஃப். கணக்குக்கும் பழைய இந்திய நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். அதனால் கிளம்பும் அண்ணன் தம்பிகள் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.