ஏழு மணி நேரம் பகிர்ந்தேன், மூன்றரை மணி நேரம் பார்த்தார்கள்: என் தையல் மெஷின் சேனலின் கணக்கு

அப்பா வைத்திருந்த தையல் கடையில் கற்றுக்கொண்ட மெஷின் ரிப்பேர் வேலையை வைத்து யூடியூபில் ஒரு சின்ன சேனல் நடத்துகிறேன். 41 வீடியோ இருக்கிறது. கால் மெஷினில் நூல் ஏன் அறுகிறது, பாபின் கேஸை எப்படிச் சுத்தம் செய்வது, பெல்ட் தளர்ந்தால் என்ன செய்வது என்று எல்லாமே அந்த வகைதான். வருமானத்துக்காக இல்லை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு.

வீடியோ போட்ட கையோடு அதன் லிங்க்கைப் பதினொரு இடங்களில் போடுவேன். சொந்தக்காரர் குரூப், தெரு குரூப், பள்ளி நண்பர்கள், தையல்காரர்கள் குரூப் ஒன்று, ஃபேஸ்புக்கில் சில. போட்டுவிட்டு, “சூப்பர் அண்ணா” என்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்க எழுபது நிமிடம் ஆகும். இது வீணா, பயனா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கை எடுத்தேன்.

யூடியூப் ஸ்டுடியோவில் அனலிடிக்ஸ் போய், `Advanced mode` திறந்து, 90 நாளுக்கு வைத்து, `Traffic source` என்பதைத் தேர்ந்தால் போதும். பார்வைகள், பார்த்த மணி நேரம், சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரும். எனக்கு வந்தது இது. மொத்தம் 9,600 பார்வை. அதில் தேடல் 4,100, பரிந்துரை வீடியோ 2,050, வெளி லிங்க் 1,500, முகப்புப் பக்கம் 1,200, மற்றவை 750.

முதலில் பார்வையை மட்டும் பார்த்து, “வெளி லிங்க் 1,500 வருகிறதே, குரூப் வேலை மோசமில்லை” என்று நினைத்தேன். பக்கத்துப் பத்தியைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. தேடி வந்தவர்கள் சராசரியாக 2 நிமிடம் 50 விநாடி பார்த்திருந்தார்கள். பரிந்துரையில் வந்தவர்கள் 4 நிமிடம் 20 விநாடி. வெளி லிங்க்கில் வந்தவர்கள் 1 நிமிடம் 5 விநாடி. மணி நேரமாக மாற்றினால் தேடல் 194, பரிந்துரை 148, வெளி லிங்க் வெறும் 27.

அந்த 27 மணி நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருந்தது. `External` என்ற பெயரைத் தொட்டால் எந்தத் தளத்திலிருந்து, எந்த ஆப்பிலிருந்து வந்தார்கள் என்று பிரித்துக் காட்டும். மேலே நின்றது வாட்ஸ்அப் இல்லை, `Google Search`. 640 பார்வை, சராசரி 2 நிமிடம் 10 விநாடி. கூகுளில் தேடி, அங்கே வந்த வீடியோவைத் தொட்டு உள்ளே வந்தவர்கள் இவர்கள். யூடியூப் கணக்குப்படி இது வெளி வரவு. என் கணக்கில் இதுவும் தேடல்தான். நான் போட்ட லிங்க்குக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

கூகுளைக் கழித்தால் வாட்ஸ்அப் 520, ஃபேஸ்புக் 260, உதிரி கொஞ்சம். வாட்ஸ்அப்பில் சராசரி 18 விநாடி, ஃபேஸ்புக்கில் 14. இந்த இரண்டையும் கூட்டினால் 780 பார்வைக்கு மூன்றரை மணி நேரம் சொச்சம். அந்த 90 நாளில் ஆறு வீடியோ போட்டிருந்தேன். ஆறுக்கும் எழுபது எழுபது நிமிடம் என்றால் ஏழு மணி நேரம். அதாவது நான் ஏழு மணி நேரம் பகிர்ந்ததை ஊரே சேர்ந்து மூன்றரை மணி நேரம் பார்த்திருக்கிறது.

உடனே எல்லா குரூப்பையும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் 18 விநாடி என்பது சராசரி. பெரியப்பாவும் தையல்காரரும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கிறார்கள். எந்த குரூப்பிலிருந்து வந்தார்கள் என்று யூடியூப் பிரித்துக் காட்டாது, வாட்ஸ்அப் என்ற ஒரே வரிதான். அதனால் ஒரு சின்ன வழி செய்தேன். வெளி வரவே இல்லாமல் அடங்கிக் கிடந்த இரண்டு பழைய வீடியோக்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றைத் தையல்காரர்கள் குரூப்பில் மட்டும், மற்றதைச் சொந்தக்காரர் குரூப்பிலும் தெரு குரூப்பிலும் மட்டும் போட்டேன். கணக்கு முழுதாக வந்து சேர இரண்டு நாள் பிடிக்கும் என்பதால் புதன்கிழமை திறந்து பார்த்தேன். தையல்காரர்கள் பக்கம் 38 பார்வை, சராசரி 4 நிமிடத்துக்கு மேல். மற்ற பக்கம் 44 பார்வை, 11 விநாடி. பாசத்தில் திறந்து, திறந்ததைக் காட்ட ஒரு கட்டைவிரல் அனுப்பிவிட்டு மூடியிருக்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் வீட்டில் மெஷினே இல்லை.

ஆக பதினொன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு பத்தை விட்டேன். மிச்சமான நேரத்தைத் தேடலில் போடலாம் என்று முடிவு.

தேடல் என்ற வரியைத் தொட்டால் என்ன சொல் தட்டிப் பார்த்து வந்தார்கள் என்ற பட்டியல் வரும். இந்தப் பட்டியலில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன், சுவாரசியமான இடமும் இதுதான். என் தலைப்புகளில் “தையல் இயந்திரப் பராமரிப்பு – பகுதி 3” என்றெல்லாம் இருந்தது. அந்தச் சொல்லைத் தட்டி வந்தவர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. வந்தவர்கள் தட்டியது இப்படி:

```
thaiyal machine nool arunthu pogum
sewing machine thread cutting problem tamil
தையல் மெஷின் கீழ் நூல் வரல
```

மூன்றிலும் பொதுவாக இருப்பது கோளாறு. மெஷின் நின்றுபோய், துணி பாதியில் மாட்டிக்கொண்டு, கையில் போனை எடுத்துத் தட்டுகிறார்கள். “பராமரிப்பு” என்று யோசிக்கும் நிலையில் யாரும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் மேல் நூலைச் சரியாகக் கோக்காததோ, அதன் டென்ஷன் தளர்ந்ததோதான். என் தலைப்பும் அதற்கேற்ப “மேல் நூல் டென்ஷன் சரிசெய்வது” என்று இருந்தது. சிக்கல் அடியில் தெரிவதால் மக்கள் தேடுவதோ “கீழ் நூல் சிக்குது”, “பாபின் சிக்குது”. நான் நோய்க்குக் காரணத்தைத் தலைப்பாக வைத்திருந்தேன், அவர்கள் நோய்க்குறியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான்கு வீடியோவுக்குத் தலைப்பு மாற்றினேன். தமிழ் எழுத்தில் கோளாறைச் சொல்லி, விளக்கத்தின் முதல் வரியில் அதையே ஆங்கில எழுத்திலும் ஒரு முறை எழுதினேன். ஒரு முறைதான். அடுக்கிக்கொண்டே போனால் படிப்பவருக்கே எரிச்சல் வரும்.

எட்டு வாரம் கழித்து அந்த நான்கின் தேடல் பார்வை, முந்தைய எட்டு வாரத்தோடு ஒப்பிட்டால் 510 ஆக இருந்தது 930 ஆகியிருந்தது. குதிப்பதற்கு முன் ஒன்றை நினைத்தேன்: நடுவில் தீபாவளி. தீபாவளிக்கு முன் வீட்டு மெஷின்கள் எல்லாம் தூசி தட்டி ஓட ஆரம்பிக்கும், கோளாறும் கூடவே வரும். நல்லவேளையாகத் தலைப்பை மாற்றாத, அதே மாதிரியான இன்னும் நான்கு வீடியோ இருந்தது. அவற்றின் தேடல் பார்வையும் 480 இலிருந்து 600 ஆகியிருந்தது. இந்த 25 சதவீத ஏற்றம் பண்டிகையால் வந்தது என்று வைத்தால், மாற்றிய நான்கும் எப்படியும் 640 வரை போயிருக்கும். தலைப்பால் வந்தது என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடியது மீதி 290 தான். நான்கு வீடியோ என்பது சின்ன எண்ணிக்கை, அதனால் இதையும் தோராயமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாலை வேலைக்கு அது போதும்.

பரிந்துரைப் பக்கம் வேறு கதை. `Suggested videos` என்பதைத் திறந்தபோது, வேறு பெரிய சேனல்கள் பக்கத்தில் என் வீடியோ வருகிறது என்று எதிர்பார்த்தேன். 2,050 இல் ஏறத்தாழ 1,300 என் சொந்த வீடியோக்களிலிருந்தே வந்திருந்தது. ஒரு வீடியோவின் விளக்கத்தில் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அதைத் தொட்டு வருவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதாவது தேடலில் நுழைந்தவரை அடுத்த அறைக்கு அனுப்புவது என் கையில் இருக்கிறது. பாபின் கேஸ் வீடியோவிலிருந்து, துருப்பிடித்த பழைய கால் மெஷினைப் பிரித்துச் சேர்த்த 14 நிமிட வீடியோவுக்குத்தான் அதிகம் பேர் போயிருந்தார்கள். ஆகவே எல்லாக் கோளாறு வீடியோவின் விளக்கத்திலும் அடுத்து வரக்கூடிய கோளாறுக்கு ஒரு லிங்க்கும், இந்தப் பழைய மெஷின் வீடியோவுக்கு ஒரு லிங்க்கும் போட்டேன்.

அப்புறம் ஒரு தப்பு செய்தேன். தலைப்பு மாற்றம் நன்றாக வேலை செய்கிறதே என்று, அந்தப் பழைய மெஷின் வீடியோவுக்கும் “கால் மெஷின் துரு எடுப்பது எப்படி” என்று மாற்றினேன். தேடலில் ஒன்றும் வரவில்லை, முகப்பில் காட்டப்படும்போது தொடுகிறவர்கள் 100க்கு 5 பேராக இருந்தது 3 ஆகிவிட்டது. முகப்பிலும் பரிந்துரையிலும் வருபவருக்குக் கையில் கேள்வி எதுவும் இல்லை. குப்பையில் கிடந்த மெஷின் மறுபடி ஓடுமா என்று பார்க்கத்தான் அவர் தொடுகிறார். மூன்று வாரத்தில் பழைய தலைப்பையே திரும்ப வைத்தேன்.

இன்னொரு பயமும் வந்துபோனது. சேனல் முழுக்கத் தொடும் விகிதம் 6 இலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. என்னவோ கெட்டுவிட்டது என்று ஒரு ராத்திரி முழுக்கத் தம்ப்நெயில்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் வழிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் தேடலில் அதே 9, முகப்பில் அதே இரண்டரை. முகப்பில் காட்டப்படுவது மட்டும் நான்கு மடங்கு கூடியிருந்தது. குறைந்த விகிதமுள்ள வழி பெருத்ததால் மொத்தச் சராசரி இறங்கியது, அவ்வளவுதான். வெளி லிங்க்குக்கு இந்த விகிதமே கிடையாது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். யூடியூபுக்குள் தம்ப்நெயில் காட்டப்படுவதை மட்டுமே அது எண்ணுகிறது. வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் லிங்க்கைப் பார்த்தும் தொடவில்லை என்று அதற்குத் தெரியாது.

இப்போதைய ஏற்பாடு: வீடியோ போட்டதும் தையல்காரர்கள் குரூப்பில் மட்டும் லிங்க், மாதம் ஒரு முறை தேடல் சொற்களைப் படிப்பது, விளக்கத்தில் இருக்கும் லிங்க்குகளைச் சரிபார்ப்பது. அடுத்து எடுக்கப்போவது “ஊசி அடிக்கடி உடையுது”. பட்டியலில் 31 பேர் அதைத் தட்டி, பொருந்தாத வீடியோ ஒன்றில் வந்து 40 விநாடியில் போயிருக்கிறார்கள்.

போன வாரம் பெரியப்பா போன் செய்தார். “என்னப்பா, வீடியோவே வர்றதில்ல, சேனலை மூடிட்டியா?” என்றார். இல்லை பெரியப்பா, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். “அப்ப லிங்க்க அனுப்பு” என்றார். அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.