ஒரு பங்கும் நாற்பத்தொன்பது பங்கும்

துப்புரவுப் பணியாளர்களுக்காக நாங்கள் தயாரித்த ஒரு பயிற்சி வீடியோவில் குளோரின் ப்ளீச்சைத் தண்ணீரில் கலக்கும் முறையைச் சொல்லியிருந்தோம். தரையையும் மேசையையும் துடைக்க 0.1 சதவீதக் கரைசல் போதும் என்று திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருக்க, பின்னணிக் குரலோ ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கூறியது. 5 சதவீத ப்ளீச்சை அப்படிக் கலந்தால் கிடைப்பது 0.5 சதவீதம், அதாவது தேவையைப் போல ஐந்து மடங்கு அடர்த்தி. யூடியூபில் வெளியான பிறகு, பார்வையாளர் ஒருவர் சுட்டிக்காட்டியதால்தான் இது எங்களுக்குத் தெரிந்தது.

வெளியான வீடியோவின் கோப்பை அதே முகவரியில் மாற்ற வழியில்லை. ஒரு துண்டை வெட்டி நீக்கலாம். ஆனால் தவறான எண் ஒரு வாக்கியத்தின் நடுவே இருந்ததால், வெட்டினால் கலக்கும் காட்சி முழுவதுமே போய்விடும் என்றார் படத்தொகுப்பாளர். எனவே கருத்துப் பகுதியின் உச்சியில் ஒரு திருத்தத்தைப் பின் செய்யும் வேலை எனக்கு வந்தது.

நான் முதலில் எழுதியதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. பார்த்தவர்களுக்கு நன்றி கூறி, கையுறை அணிய வேண்டும், சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்று வீடியோவின் விவரக் குறிப்பில் ஏற்கெனவே இருந்தவற்றையே மறுபடி அடுக்கி, ஆறாவது வரியில்தான் திருத்தத்துக்கு வந்திருந்தேன். கைபேசியில் வீடியோவின் கீழே தெரிவது கருத்தின் தொடக்கம் மட்டுமே. மீதியைப் படிக்க விரலால் தட்டித் திறக்க வேண்டும். நன்றி என்று தொடங்கும் கருத்தை யார் திறந்து பார்ப்பார்? தவறான அளவைப் பற்றிய கேள்விகள் கீழே தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. திருத்தத்தை யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

இரண்டாம் முறை, விவரக் குறிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள எதையும் எழுதுவதில்லை என்ற கட்டுப்பாட்டுடன் அமர்ந்தேன். முதல் வரி இவ்வாறு அமைந்தது: "திருத்தம் 3:42: 0.1% கரைசலுக்கு 5% ப்ளீச் ஒரு பங்கு, மொத்தம் 50 பங்கு. வீடியோவில் சொன்ன அளவு தவறு." நேரத்தை இப்படி எழுதினால் அதுவே இணைப்பாகிவிடும், தட்டியவர் நேராக அந்த நொடிக்குப் போய், எந்தச் சொல் பிழை என்று தாமே கேட்டுக்கொள்ளலாம். சரியான அளவை முன்னே வைத்ததும் தெரிந்தே செய்ததுதான். "1:9 தவறு" என்று தொடங்கியிருந்தால், அவசரமாகப் படிப்பவர் மனத்தில் 1:9 மட்டுமே தங்கிவிடும் என்பது என் கணிப்பு.

அடுத்த வரியில் சூழலை விளக்கினேன். ஒன்றுக்கு ஒன்பது என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அன்று. இரத்தம் அதிகமாகச் சிந்திய இடத்துக்குப் பரிந்துரைக்கப்படும் 0.5 சதவீதக் கரைசலின் அளவு அது. எங்கள் குறிப்பேட்டில் இரண்டு அளவுகளும் அடுத்தடுத்து இருந்ததால், உரையை எழுதியபோது இடம் மாறிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால், 0.5 சதவீதம் உண்மையிலேயே தேவைப்படும் இடத்திலும் நீர்த்த கரைசலைப் பயன்படுத்தி விடுவார்கள். ப்ளீச் புட்டியில் 5 சதவீதம் என்று இல்லாவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்தேன். முடிவில் ஒரே ஓர் இணைப்பு. வேறு அடர்த்திகளுக்கான கணக்கு அங்கே இருக்கிறது என்று இணைப்புக்கு முன்பே எழுதினேன்.

அப்படியும் ஓட்டை இருந்தது. ஐம்பது பங்கு என்பது தண்ணீர் மட்டுமா, ப்ளீச்சும் சேர்த்தா என்று ஒருவர் பதிலில் கேட்டார். நியாயமான கேள்வி. "20 மி.லி. ப்ளீச்சுடன் 980 மி.லி. தண்ணீர்" என்று மாற்றினேன், பங்குக் கணக்கைவிட அளவுக் குவளையின் கணக்கு ஐயத்துக்கு இடம் தருவதில்லை. எதை, எந்தத் தேதியில் மாற்றினேன் என்பதைக் கடைசி வரியில் குறித்தேன். இல்லையேல் அந்தக் கேள்வி பொருளற்றுத் தொங்கும். பிறகு வேறொரு கணக்கிலிருந்து திறந்து, கருத்து உச்சியிலேயே நிற்கிறதா என்று பார்த்தேன்.

வேறு தளங்களில் பதிக்கப்பட்ட வீடியோவுக்கு அடியில் இந்தக் கருத்து தெரியாது என்பதை மறக்க முடியவில்லை. உடல்நலத்தைத் தொடும் அளவு என்பதால், அந்தக் காட்சியை மட்டும் புதிதாகப் பதிவு செய்து வேறு வீடியோவாக வெளியிட்டோம். பழைய முகவரியைப் பலர் பகிர்ந்திருந்ததால் அதை நீக்காமல், பின் செய்த கருத்தின் முதல் வரியில் புதிய வீடியோவின் இணைப்பை வைத்து, திருத்தத்தை இரண்டாம் வரிக்கு இறக்கினேன்.