யாரும் கத்தாத கூட்டம்

பிரான்ஸின் லியோனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாராந்தரக் குழுக் கூட்டத்தில் கிடங்கு மேலாளரும் கணினிப் பிரிவுப் பொறுப்பாளரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் பார்த்துக் கத்தினார்கள். மேலாளர் கோப்பையை வைத்த வேகத்தில் காப்பி மேசையெங்கும் தெறித்தது. நம் ஊராக இருந்தால் பக்கத்து அறையிலிருந்து யாராவது ஓடி வந்து, "விடுங்கண்ணே, விடுங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். இங்கே மற்றவர்கள் அவரவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் மின்னஞ்சலில் வந்த கூட்டக் குறிப்பில் அத்தனை கூச்சலும் ஒரே வரியாகியிருந்தது: "இப்பொருள் குறித்துக் கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது." நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் எங்கள் ஷெஃப், அதாவது குழுத் தலைவர், இனிமேல் குறிப்பெழுதும் வேலை குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு என்று சொன்னபோது அந்தச் சிரிப்பு அடங்கியது.

எழுதவேண்டியது "கோந்த் ரான்த்யூ", அதாவது கூட்டக் குறிப்பு. சட்டப்படி பேணவேண்டிய, கையொப்பமிடும் "ப்ரோசே வெர்பால்" என்பது வேறு. பங்குதாரர் கூட்டத்துக்கும் தொழிலாளர் பிரதிநிதிகளின் கூட்டத்துக்கும் உரியது அது. எங்களுடையது குழுவுக்குள் சுற்றும் ஒன்றரைப் பக்கத் தாள்: மேலே தேதி, வந்தவர்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டு வராதவர்கள், பிறகு நிகழ்ச்சி நிரலின் வரிசைப்படி ஒவ்வொரு பொருளிலும் பேசியதன் சாரம், எடுத்த முடிவு, இறுதியில் செயல்பாடுகளின் அட்டவணை. வடிவம் ஒரு நாளில் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் இழுத்தடித்தது இதன் வாக்கியம்தான்.

கூட்டத்தில் பேசும்போது பிரெஞ்சுக்காரர்கள் எல்லாவற்றையும் "ஓன்" என்ற எழுவாயில் ஏற்றிவிடுகிறார்கள். "ஓன் பார்க்கும்", "ஓன் தள்ளிவைக்கும்", "ஓன் கேட்டுச் சொல்லும்." அது நாமாகவும் இருக்கலாம், அவர்களாகவும் இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். எழுதும்போது இந்த "ஓன்" பேச்சுவழக்கு என்று ஒதுக்கப்பட்டு, அதன் இடத்தில் "இல்" வந்து உட்காருகிறது. வேறிடங்களில் "அவன்" என்று பொருள்படும் சொல்தான். இங்கே மழை பெய்கிறது என்று சொல்லும்போது வருகிற, ஆளில்லாத எழுவாய். "இல் எ ரப்லே" என்றால் நினைவூட்டப்படுகிறது. "இல் எ ப்ரோபோசே" என்றால் முன்மொழியப்படுகிறது. "இல் எ தெசிதே" என்றால் முடிவு செய்யப்படுகிறது. கூட்டம் முடிந்துபோயிருந்தாலும் நிகழ்காலத்தில் எழுதுவதே எங்கள் குழுவின் வழக்கம். யார் குரலை உயர்த்தினார், யார் யாரைக் குறை சொன்னார் என்பதற்கு அதில் இடமில்லை.

இலக்கணத்தில் பயமுறுத்திய இடம் ஒன்று உண்டு. முன்மொழியப்படுகிறது என்பதை அடுத்து "க" என்ற இணைப்புச் சொல்லைப் போட்டால், பின்னால் வரும் வினை சப்ஜொங்க்தீஃப் வடிவத்துக்கு மாறவேண்டும். முடிவு செய்யப்படுகிறது என்பதை அடுத்து அதே இணைப்பு வந்தால் வினை சாதாரண வடிவத்திலேயே நிற்கும். ஆசையாக இருப்பதற்கு ஒரு வினைவடிவம், உறுதியானதற்கு இன்னொன்று. மாலை வகுப்பில் எங்களுக்குப் பாடம் நடத்திய அம்மையார் ஒரு சுருக்குவழி காட்டினார்: இணைப்பையே தவிர்த்துவிட்டு "த" என்ற முன்னிடைச்சொல்லைப் போட்டு, வினையை மூல வடிவத்தில் எழுதிவிட்டால் எந்த வம்பும் இல்லை. "இல் எ ப்ரோபோசே த", "இல் எ தெசிதே த" ஆகிய இரண்டையும் வைத்துக்கொண்டு பெரும்பாலான கூட்டங்களை ஒப்பேற்றிவிடலாம். இப்போது இதெல்லாம் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது என்றுதான் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் "முடிவு செய்யப்படுகிறது" என்று தட்டும் ஒவ்வொரு முறையும் மனம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. அப்பா அங்கே செயலாளர். நீளமான, கோடு போட்ட அந்தப் புத்தகத்தை இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, திண்ணையில் விளக்கடியில் வைத்து எழுதுவார். "பொருள் எண் 4. உரக்கிடங்கின் கூரைப் பழுது நிர்வாகக் குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டது. பரிசீலித்து, மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்த விலைப்புள்ளியை ஏற்கச் செயலாளருக்கு அதிகாரம் அளித்து ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அந்த ஒருமனதுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்த வாய்ச்சண்டை ஊருக்கே தெரியும். ஆளில்லாத வாக்கியம் எனக்குப் புதிதல்ல என்பது புரிந்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அப்பாவின் வாக்கியத்தில் "செயலாளருக்கு அதிகாரம் அளித்து" என்று ஒரு துண்டு இருந்தது என்பதையும், கூரை சரியானதே அந்தத் துண்டினால்தான் என்பதையும் இங்கே வந்த பிறகுதான் கவனித்தேன்.

எங்கள் குழுவில் எனக்கு இருந்த, இன்னும் முழுதாகத் தீராத மனக்குறை இதுதான். எனக்கு முன்னர் எழுதப்பட்ட குறிப்புகளைத் திறந்து பார்த்தால், "விநியோகிப்பாளரிடம் கேட்டறிவது உகந்தது" என்ற வரி கூட்டம் தவறாமல் வந்துகொண்டிருக்கும். உகந்ததுதான், யாருக்கு, எப்போது? வாக்கியத்தில் ஆள் இல்லாததால் வேலையிலும் ஆள் இல்லை. கூட்டத்தில் ஷெஃப் "ஓன் கேட்கும்" என்கிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், குறிப்பில் அது அழகான பொது வாக்கியமாகிறது, அடுத்த வாரம் மறுபடியும் அதே பொருள் நிரலில் ஏறுகிறது. ஒரு குறிப்பு உருப்படியானதா என்று அறிய நான் இப்போது செய்வது, முந்தைய குறிப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரே வரி இரண்டிலும் இருந்தால் அங்கே முடிவும் நடக்கவில்லை, செயலும் நடக்கவில்லை.

அன்று சண்டைக்குக் காரணமான பொருளையே எடுத்துக்கொள்கிறேன். அது அடுத்த கூட்டத்திலும் வந்தது, எழுதியது நான். கிடங்குக்குப் புதிதாக வாங்கிய 40 பட்டைக்குறி வாசிப்பான்களில் 12 கருவிகள், குளிர்பதன அறைக்குள் போனதும் இணைப்பை இழந்தன. வைஃபை எட்டவில்லை என்றார் கிடங்கு மேலாளர். உங்கள் ஆட்கள் கருவிகளைச் சார்ஜ் போடுவதில்லை என்றார் கணினிப் பொறுப்பாளர். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஷெஃப், "சரி, ஓன் தள்ளிவைக்கும், விநியோகிப்பாளரோடு ஓன் பேசும், செத் அக்தே" என்றார். அந்தக் கடைசிச் சொல் வந்துவிட்டால் முடிவு பதிவாகிவிட்டது என்று பொருள். அதற்கு மாறாக "பார்க்கலாம்", "ஏன் கூடாது" என்றெல்லாம் சொன்னால் பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒன்றையும் முடிவு செய்யவில்லை. அதை முடிவு என்ற தலைப்பின்கீழ் எழுதிவிடக் கூடாது.

சண்டையிலிருந்து நான் எடுத்த சாரம் இரண்டு வாக்கியங்கள்: 40 வாசிப்பான்களில் 12 குளிர்பதன அறையில் இணைப்பை இழப்பது கண்டறியப்படுகிறது, வைஃபை எட்டும் தூரம், மின்கலத்தின் நிலை என இரண்டு காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. முடிவு ஒரே வாக்கியம்: புதிய கருவிகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதை ஜனவரி 12க்குத் தள்ளிவைக்க முடிவு செய்யப்படுகிறது. இதுவரை "இல்" ஆட்சி செய்யலாம். அட்டவணைக்கு வந்ததும் அதை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கே ஒவ்வொரு வரியும் மூல வடிவத்தில் நிற்கும் ஒரு வினையோடு தொடங்கும். பக்கத்தில் ஒரே ஒருவரின் பெயர், அதற்குப் பக்கத்தில் கெடுநாள், கடைசியில் நிலை. குளிர்பதன அறையில் வைஃபை அளவெடுத்தல் கணினிப் பொறுப்பாளருக்கு. ஒரு வாரத்துக்குப் பணிநேர முடிவில் மின்கல அளவைக் குறித்துவைத்தல் கிடங்கு மேலாளருக்கு. இந்த இரண்டும் வந்த பிறகு விநியோகிப்பாளரிடம் மாற்றுக் கருவிகள் கேட்டு எழுதுதல் எனக்கு. "விநியோகிப்பாளரோடு பேசும்" என்ற அந்த "ஓன்" யார் என்று கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும், "கி சான் ஷார்ஜ், ஏ பூர் கான்?", அதாவது யார் பார்த்துக்கொள்வது, எப்போதைக்குள் என்று கேட்டால் இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெரியவர்கள் பேசி முடித்ததும் சிறியவன் குறுக்கே கேள்வி கேட்கலாமா என்று வளர்ந்தவனுக்கு அந்த வாக்கியத்தை உரக்கச் சொல்ல நெடுநாள் ஆயிற்று.

கெடுநாளிலும் ஒரு சங்கடம் உண்டு. எட்டு நாள் என்று பிரெஞ்சுக்காரர் சொன்னால் ஒரு வாரம். பதினைந்து நாள் என்றால் இரண்டு வாரம். அலுவலகத்திலோ வாரத்துக்கே எண் வைத்து S47 என்று எழுதுகிறார்கள். நவம்பரின் மூன்றாம் வாரத்தையொட்டி வருவது அது. ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும் என்று கெடு சொல்லிப் பழகிய எனக்கு S47 ஒரு பருவத்தையும் நினைவூட்டுவதில்லை. ஆகையால் நான் தேதியையே எழுதுகிறேன்.

பெயர் விஷயம் இதைவிட வேடிக்கையானது. அட்டவணையில் இடம் போதாது என்று எங்கள் நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்றெழுத்துக் குறி கொடுத்திருக்கிறார்கள்: முதற்பெயரின் முதல் எழுத்து, குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். வருகைப் பட்டியலிலும் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதுவது வழக்கமாதலால், லியோனின் எல்லாக் கூட்டங்களுக்கும் அப்பா தவறாமல் வந்துவிடுகிறார். வாசிப்பான்களை மாற்றித் தரச் சொல்லி விநியோகிப்பாளருக்கு எழுதும் பொறுப்பும் அவர் தலையில்தான். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எழுதினதுக்கு நகல் வெச்சுக்கிட்டியா?" என்றுதான் கேட்டார்.

குறிப்பை அனுப்பும் மின்னஞ்சலின் அடியில், 48 மணி நேரத்துக்குள் கருத்து எதுவும் வராவிட்டால் இக்குறிப்பு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். ஊரில் இந்தக் கட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும்: மறுநாள் காலையில் உறுப்பினர் யாராவது வந்து, "அந்த வார்த்தைய மட்டும் கொஞ்சம் மாத்திப் போடுங்க சார்" என்பார், அம்மா காப்பி கொண்டுவருவார், அதன் பிறகே கையெழுத்து. இங்கே கெடு முடியும் நேரத்துக்குக் கணினிப் பொறுப்பாளரிடமிருந்து ஒரு வரி வந்தது. "கண்டறியப்படுகிறது" என்பதை "தெரிவிக்கப்படுகிறது" என்று மாற்றவேண்டுமாம். கண்டறிந்தது என்றால் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மையாகிவிடும், தெரிவித்தது என்றால் கிடங்குக்காரர்களின் கூற்றாக நிற்கும். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் இணைப்பு அறுந்த நேரங்கள் கருவிகளின் பதிவிலேயே இருந்தன. ஆகவே 12 என்ற எண்ணிக்கைக்குக் கண்டறிதலையே வைத்துக்கொண்டு, காரணங்களுக்கு மட்டும் யார் எதைத் தெரிவித்தது என்று பிரிவின் பெயரைச் சேர்த்து, இரண்டாம் பதிப்பு என்று குறித்து அனுப்பினேன். இருவரும் ஒப்புதல் சொல்லிவிட்டார்கள். மின்கல அளவுகள் மட்டும் இன்னும் வரவில்லை. அட்டவணையில் அந்த வரிக்கு நேரே "நடப்பில்" என்று இருக்கிறது, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்கவேண்டும்.