அந்த ஆறு டிரைவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஒரு டவுன் பஸ் பணிமனைக்கு டிரைவர் டூட்டி பட்டியல் போடும் மாடல் ஒன்றை எக்செலில் செய்து கொடுத்தேன். ஷீட் கைக்குப் போனதும் கிளை மேலாளரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, மேலே எங்களுக்கு ஒதுக்கின கணக்கு 109 டிரைவர். உங்க ஷீட் 115 கேக்குது. அந்த ஆறு பேர் எங்கேருந்து வந்தாங்கன்னு ஒரு மெயில் போடுங்க. நான் அதை அப்படியே மேலே அனுப்பணும்."

மாடல் செய்ததைவிட அந்த மெயில்தான் என்னை அதிகம் உட்கார வைத்தது. அவர் படிப்பார், அப்புறம் அவருக்கு மேலே இருக்கும் கணக்குப் பிரிவு படிக்கும், யாராவது தொழிற்சங்கத்துக்கும் காட்டுவார்கள். மூன்று பேருக்கும் ஒரே வாக்கியம் பொருந்த வேண்டும். அதனால் மாடல் எப்படி வேலை செய்கிறது என்று ஆரம்பிக்காமல், அவர்களுடைய 109 எப்படி வந்தது என்பதிலிருந்தே தொடங்கினேன்.

பணிமனையில் தினமும் ஓட்டியாக வேண்டிய டிரைவர் டூட்டி 84. ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஆக ஏழு நாளில் ஆறு நாள்தான் வருவார். விடுப்பு, உடம்பு சரியில்லை, சொல்லாமல் நின்றுவிடுவது எல்லாம் சேர்த்து, வருகைப் பதிவேட்டின்படி சராசரியாக 10 சதவீதம் பேர் வருவதில்லை.

```
=84*7/6/0.9
```

விடை 108.9. அதுதான் 109. கணக்கில் தப்பு இல்லை என்று மெயிலிலேயே எழுதினேன். ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்று அடுத்த பத்தியில் விளக்கினேன். 109 பேர் இருந்தால், வார ஓய்வு போக ஒரு நாளைக்குப் பட்டியலில் வருவது 93 அல்லது 94 பேர். 84 டூட்டி போக ஒன்பது பத்து பேர்தான் உபரி. தினமும் வராதவர்களும் சராசரியாக ஒன்பது பத்து பேர். அதாவது சராசரியை மீறி ஓரிருவர் வராத நாளெல்லாம் டூட்டிக்கு ஆள் இல்லாத நாள். மாடலின்படி பத்து நாளில் நாலு நாள் அப்படித்தான் விடியும்.

அப்போது என்ன நடக்கும் என்று மேலாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஷிப்ட் முடித்து இறங்குகிறவரைப் பிடித்து மதியத்துக்கும் ஏற்றுவார்கள், இல்லையென்றால் பஸ் நடையை வெட்டுவார்கள். ஆள் குறையும் நாள் இருபதில் ஒன்றாக இருக்கட்டும் என்று நான் வைத்ததால்தான் 115 வந்தது. இருபதில் ஒன்று என்பது என் முடிவு, கணக்கு சொன்னதல்ல. பத்தில் ஒரு நாள் பரவாயில்லை என்று அவர் சொன்னால் 113 போதும். இதை மெயிலில் தடித்த எழுத்தில் போட்டேன், ஏனென்றால் ஆறு பேர் என்பதன் உண்மையான விலை இங்கேதான் பேசப்பட வேண்டும்.

அடுத்தது நான் எழுதத் தயங்கிய அனுமானம். ஒருவர் வராததற்கும் இன்னொருவர் வராததற்கும் சம்பந்தமில்லை என்று மாடல் எடுத்துக்கொள்கிறது. எந்தப் பணிமனையிலும் இது உண்மை இல்லை. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரு பெரிய முகூர்த்த நாள் வந்தால் பாதிப் பேருக்குச் சொந்தத்தில் கல்யாணம் இருக்கும். டிரைவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் என்பதால் கோயில் கொடைக்கும் இதே கதை. அன்றைக்கு வராதவர்கள் 20 சதவீதம் என்று வைத்தால், பட்டியலில் உள்ள 98 பேரில் 78 பேர்தான் வண்டி எடுப்பார்கள். 115 இருந்தும் ஆறு டூட்டி நிற்கும். அந்த நாட்களுக்கும் ஆள் வேண்டுமென்றால் 123 பேர் கேட்க வேண்டும், யாரும் தரமாட்டார்கள். எனவே, "முகூர்த்த நாட்களுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது, அன்றைக்கு எந்த நடையை நிறுத்துவது என்ற பட்டியலை முன்கூட்டியே போட்டு வைக்கவும்" என்று நேராகவே எழுதினேன்.

பிறகு, அந்த 84 என்ற எண்ணே எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒரு டூட்டி எவ்வளவு நீளலாம் என்பதை வைத்துத்தான் அந்த எண் வரும். அதற்கு நான் எடுத்துக்கொண்டது அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதில் ஒரு நுணுக்கம் இருந்தது. டெர்மினலில் சும்மா காத்து நிற்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலை நேரத்தில் சேர்ந்தது.

ஒரு காலை டூட்டியை எடுத்து மெயிலில் பிரித்துக் காட்டினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் 50 நிமிட சிங்கிள் எட்டு, ஆக 400 நிமிடம். வண்டியைச் சரிபார்த்து எடுப்பதும் கடைசியில் ஒப்படைப்பதும் 30. நடுவில் டிபனுக்கு அரை மணி ஓய்வு, அது வேலையில் சேராது. மீதி ஆறு இடத்தில் பத்துப் பத்து நிமிடம் நின்றால் 60. மொத்தம் 490, எட்டு மணி நேரத்தைப் பத்து நிமிடம் தாண்டிவிட்டது. அதே ஆறு இடத்திலும் பத்தைப் பதினைந்தாக்கினால் அந்த நேரம் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். வேலை நேரம் 430. டிரைவர் அரை மணி நேரம் கூடுதலாக நிற்கிறார், பேப்பரிலோ ஒரு மணி நேரம் குறைகிறது! மிச்சமிருக்கும் 50 நிமிடத்தில் இன்னொரு சிங்கிளை ஏற்றலாம், டூட்டி மாற்றம் அந்த மறுமுனையில் நடந்தால். அப்போது பேப்பரில் சரியாக 8 மணி நேரம். காலை 5 மணிக்கு வந்தவர் இறங்குவது 3:15க்கு. மொத்த நேரம் 12 மணி நேரத்துக்குள் இருப்பதால் அந்தச் சட்டமும் தடுத்திருக்காது.

இப்படிச் செய்தால் 84 டூட்டி குறையும், ஆறு பேர் பிரச்சினையே இருக்காது. நான் செய்யவில்லை. டிக்கெட் மெஷினில் ஒவ்வொரு நடையின் முதல் டிக்கெட் நேரத்தையும் எடுத்துப் பார்த்தால், காலை எட்டிலிருந்து பத்து வரை 50 நிமிட நடை ஒரு மணி நேரம் ஆகிறது. பட்டியலில் 15 நிமிடம் என்று இருப்பது ரோட்டில் ஐந்து நிமிடமாகிவிடுகிறது. அதனால் 15ஐ எட்டினாலும் எட்டாவிட்டாலும், நிற்கும் நேரம் எல்லாவற்றையும் வேலையாகவே மாடல் எண்ணுகிறது, எட்டைத் தாண்டும் டூட்டியில் ஒரு சிங்கிளைக் கழித்துவிடுகிறது. சட்டம் கேட்டதைவிட இது கொஞ்சம் கூடுதல் என்பதையும் எழுதினேன். மறைத்திருந்தால் பின்னால் யாராவது கண்டுபிடித்து மொத்த மாடலையும் ஓரங்கட்டியிருப்பார்கள்.

இரண்டு டூட்டிக்கு நடுவே 9 மணி நேரம் இடைவெளி என்ற விதிக்கு ஒரு வரிதான் கொடுத்தேன். இரவு 10:30க்கு இறங்கியவரைக் காலை 5 மணிக்குப் போட ஷீட் விடாது, அவ்வளவுதான்.

மேலாளர் இரண்டு விஷயம் மட்டும் கேட்டார். முதலாவது, 115 பேர் என்பது பதிவேட்டில் இருப்பவர்களா, ஸ்டியரிங் பிடிப்பவர்களா? கண் பார்வை, முதுகுவலி என்று டாக்டர் சான்றோடு லைட் டூட்டியில் இருப்பவர்களும் டிரைவர் கணக்கில்தான் வருவார்கள். டைம் கீப்பர் அறையிலும் ஆபீஸிலும் அப்படிச் சிலர் உட்கார்ந்திருப்பதை அவரே சொன்னார். மாடல் எண்ணுவது வண்டி ஓட்டுகிறவர்களை மட்டும் என்று அந்த வாக்கியத்தைத் திருத்தினேன். அதோடு மேலிடத்தின் 109இலும் இந்த வேறுபாடு பார்க்கப்படவில்லை என்பது வெளியே வந்தது. ஆறு பேருக்கான வாதம் இதில்தான் பலமடைந்தது, என் கணக்கில் அல்ல.

இரண்டாவது, வார ஓய்வு. ஏழு நாளுக்கும் சமமாகப் பிரித்துத்தான் 7/6 போட்டிருந்தேன். "ஞாயித்துக்கிழமை கேக்காதவன் யாரு?" என்றார். ஓய்வு நாளை அவர் கைப்பட மாற்றிப் போட்டால் எந்தக் கிழமையில் ஆள் குறைகிறது என்று காட்ட ஒரு நெடுவரிசை சேர்த்து அனுப்பினேன்.

மெயில் மேலே போனது. 113 வரை ஒப்புதல், முகூர்த்த நாள் நடைப் பட்டியல் கிளை மேலாளர் பொறுப்பு என்று குறிப்பு வந்தது. பத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.