இரண்டாவது பிள்ளைக்கு நான் எண்ணிய மாதங்கள்

மூத்தவன் பிறந்தது 2022 ஜனவரியில், அறுவை சிகிச்சையில். பதினெட்டு மணி நேரம் வலியோடு கிடந்த பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று அவசரமாக எடுத்தார்கள். அப்போது எனக்கு வயது 33.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் குமட்டியது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், மாதவிலக்கும் இன்னும் வரவில்லை, அதனால் கருத்தரிக்க வாய்ப்பே இல்லை என்று நம்பியிருந்தேன். உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கடையில் பரிசோதனைக் குச்சி வாங்கி வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். ஒற்றைக் கோடுதான். ஆனால் அந்த மூன்று நிமிடம் என் கை நடுங்கியது. இரண்டாவது வேண்டும் என்ற ஆசை இருந்தது. அன்றைக்கு வேண்டாம் என்பதும் அந்த மூன்று நிமிடத்தில் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். நல்லவேளையாகத் தமிழ் பேசுபவர். தாய்ப்பாலை நம்பியிருந்ததைச் சொன்னதும் அவர் மூன்று கேள்விகள் கேட்டார். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லையா? தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லையா? மாதவிலக்கு திரும்பவில்லையா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் தாய்ப்பாலை நம்பலாமாம். என் மகனுக்கு எட்டு மாதம், இரண்டு மாதமாக ராகிக் கஞ்சி வேறு குடிக்கிறான். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும் என்பதால், அது வராததை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்றார்.

அடுத்து இடைவெளி பற்றிக் கேட்டேன். "ரெண்டு பிள்ளைக்கும் ரெண்டு வயசு வித்தியாசம் இருந்தா போதும்தானே டாக்டர்?"

அவர் மேசை நாட்காட்டியை என் பக்கம் திருப்பினார். "நீங்க பிறப்புக்கும் பிறப்புக்கும் நடுவுல எண்ணுறீங்க. நாங்க பிறப்புல இருந்து அடுத்த கருத்தரிப்பு வரைக்கும் எண்ணுவோம்."

ஒன்பது மாத வித்தியாசம் அது. உலகச் சுகாதார நிறுவனம் பிறப்புக்குப் பின் குறைந்தது 24 மாதம் கழித்துக் கருத்தரிக்கச் சொல்கிறது. அப்படியென்றால் பிள்ளைகளுக்கு இடையே கிட்டத்தட்ட இரண்டே முக்கால் வயது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் ஆறு மாதத்துக்குள் வேண்டவே வேண்டாம் என்கிறது. 18 மாதத்துக்கு முன் என்றால் சாதக பாதகங்களை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. "இரண்டு வருஷ இடைவெளி" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோமே, எதிலிருந்து எதுவரை என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் அன்றுவரை தெரியாது.

இந்த எண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. 24 மாதம் என்ற பரிந்துரையின் பின்னால் உள்ள ஆய்வுகள் பல, வசதி குறைந்த நாடுகளில் நடந்தவை. அதோடு, ஒரே தாயின் வெவ்வேறு பிரசவங்களை ஒப்பிட்ட ஆய்வுகளில், குறைந்த இடைவெளியால் குறைப்பிரசவம் வருகிறது என்ற தொடர்பு அவ்வளவு வலுவாக இல்லையாம். "அதனால உங்க விஷயத்தைப் பார்ப்போம்" என்றார்.

என் விஷயத்தில் முதலில் தையல். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற விரும்பினேன். ஒருமுறை அறுவை செய்த கருப்பை, அடுத்த பிரசவ வலியில் அதே தழும்பில் கிழியும் அபாயம் பொதுவாக 200 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ஆனால் அறுவைக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை ஆண்டுகூட இல்லாவிட்டால் அது கூடுகிறது. அன்றைக்கே கருத்தரித்திருந்தால் எனக்கு 17 மாதத்தில் பிரசவம் ஆகியிருக்கும். குச்சியில் இரண்டு கோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது இரத்தம். பலதுறை மருந்தகத்தில் எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. 12 இருக்க வேண்டும். பிரசவத்தில் போன இரத்தமும், கர்ப்பத்தில் பிள்ளை எடுத்துக்கொண்ட இரும்புச்சத்தும் திரும்பி நிரம்பவே இல்லை. அடிக்கடி மூச்சு வாங்குவதைத் தூக்கமின்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரம் விழுங்கியும் 10ஐத் தாண்டவில்லை. காரணம், காலை மாத்திரையை அத்தை போட்டுத் தரும் தே தாரிக்கோடு குடித்துவந்தேன். தேநீர் இரும்பை உடல் உறிஞ்ச விடாது. மாத்திரையை ஆரஞ்சுச் சாற்றோடு காலை பத்து மணிக்கு மாற்றியதும் நான்கு மாதத்தில் 12.1க்கு வந்தது. எண் வந்ததும் நிறுத்தாதீர்கள், உள்ளே சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்றார் மருத்துவர்.

மூன்றாவது என் வயது. ரொம்பவும் தள்ளிப்போட்டால் 35ஐத் தாண்டி இன்னும் தூரம் போய்விடுவேன். ஐந்து ஆண்டுக்கு மேல் இடைவெளி விட்டாலும் கர்ப்பகால இரத்தக்கொதிப்பு போன்றவை கூடுகின்றன. ஆக 24 மாதம் என்று பிடிவாதம் பிடிக்காமல், 18 மாதம்வரை கண்டிப்பாகக் காத்திருப்பது, பிறகு முயல்வது என்று முடிவு செய்தோம்.

அத்தைக்கு இதை விளக்குவதுதான் கடினமாக இருந்தது. "அடுத்தடுத்து பெத்துட்டா கஷ்டம் ஒரேயடியா முடிஞ்சிடும்மா" என்பார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. என் நாத்தனாருக்கு 14 மாத வித்தியாசத்தில் இரண்டு பையன்கள். இப்போது பள்ளிக்குச் சேர்ந்தே போகிறார்கள், ஒரே விளையாட்டு, ஒரே சண்டை. ஆனால் முதல் இரண்டு வருடம் அவர் எப்படி இருந்தார் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் எழுவான். அவர் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். அதனால் அத்தையிடம் உடம்புக் காரணத்தை மட்டும் சொன்னேன். இரத்தச் சோதனைத் தாளைக் காட்டியதும் அவர் அப்புறம் பேசவில்லை. மறுநாள் முருங்கைக்கீரை வாங்கி வந்தார்.

2023 ஜூலையில் 18 மாதம் முடிந்தது. செப்டம்பரில் கருத்தரித்தேன். மகள் 2024 ஜூனில் சுகப்பிரசவத்தில் பிறந்தாள், அதுவும் தழும்பு தாங்குகிறதா என்று வலி முழுக்க இதயத்துடிப்பைக் கண்காணித்தபடி. இருவருக்கும் 29 மாத வித்தியாசம்.

வீட்டில் இந்த இடைவெளி எப்படி இருக்கிறது? மூத்தவன் 18 மாதத்தில் சிசுப் பராமரிப்பிலிருந்து பாலர் பராமரிப்புக்கு மாறியிருந்ததால், இருவருக்கும் ஒரே நேரத்தில் சிசுப் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் இரண்டரை வயது என்பது எல்லாம் புரிந்தும் பொறுக்கத் தெரியாத வயது. தங்கை வந்த இரண்டாம் வாரம், விட்டிருந்த பால் புட்டியை மறுபடி கேட்டான். கழிவறைப் பழக்கமும் போய்விட்டது. நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் போதும், ஓடி வந்து என் முழங்கால் மேல் ஏறுவான். கடிந்துகொண்டேன், பலிக்கவில்லை. அப்புறம் பால் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் அவன் புத்தகங்களை வைத்து, அந்த நேரத்தில் மட்டும் படித்துக் காட்டினேன். என் கணவர் தினமும் மாலையில் அவனை மட்டும் கீழே விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போனார். ஆறேழு வாரத்தில் புட்டி தானாகவே போய்விட்டது.

போன மாதம் என் தங்கை ஜோகூரிலிருந்து அழைத்தாள். அவள் குழந்தைக்கு ஐந்து மாதம், அவளுக்கும் அறுவைதான். "ரெண்டு வருஷ கேப் விடணும்னு இருக்கேன் அக்கா" என்றாள். நாட்காட்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.